அன்பரசிக்கு எந்த இடம்?

எட்டுப் பெயர்கள். ஏதோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாமே அகரத்தில் தொடங்குபவை: அருள், அன்பரசி, அமுதா, அழகப்பன், அப்துல், அறிவழகி, அம்பிகா, அலமேலு. இவற்றை அகர வரிசையில் அடுக்கித் தா என்று ஒரு சாதாரண நிரலிடம் கேட்டால் இப்படித் தரும்:

அன்பரசி, அப்துல், அமுதா, அம்பிகா, அருள், அறிவழகி, அலமேலு, அழகப்பன்.

இதே பெயர்களை அகராதி புரட்டிப் பழகிய ஒரு தமிழாசிரியர் கையால் எழுதினால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்:

அப்துல், அம்பிகா, அமுதா, அருள், அலமேலு, அழகப்பன், அறிவழகி, அன்பரசி.

கணினியின் பட்டியலில் முதலில் நின்ற அன்பரசி ஆசிரியரின் பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டார். அமுதாவும் அம்பிகாவும் இடம் மாறிக்கொண்டார்கள். அறிவழகி அழகப்பனுக்குப் பின்னால் வந்துவிட்டார். எட்டுப் பெயர் என்பதால் கண்ணில் படுகிறது. எண்ணாயிரம் பெயர் உள்ள பட்டியலில் அன்பரசியைத் தேடுகிறவர் அகரப் பகுதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் விடுபட்டுப்போயிற்று என்று முடிவு கட்டிவிடுவார்.

கணினி தவறாகக் கணக்குப் போடவில்லை. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறது. அகரத்துக்கு 2949, ககரத்துக்கு 2965. இரண்டு சொற்களை ஒப்பிடும்போது நிரல் முதல் எண்ணோடு முதல் எண்ணை வைத்துப் பார்க்கிறது. சமமாக இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போகிறது. அன்பரசியிலும் அப்துலிலும் முதல் எண் ஒன்றே. இரண்டாவதில் னகரம் 2985, பகரம் 2986. ஓர் எண் குறைவாக இருப்பதால் அன்பரசி முந்திக்கொண்டார். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, தமிழ் நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான னகரம் எப்படிப் பகரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது என்பதுதான்.

னகரம் கடைசியில் நிற்பது பழைய ஏற்பாடு. தமிழ் எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன என்றே தொல்காப்பியம் தன் எழுத்ததிகாரத்தைத் தொடங்குகிறது. மெய்களின் வரிசைக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் இரண்டிரண்டாக வரும். பிறகு ய ர ல வ ழ ள என்ற ஆறு இடையினம். எல்லாம் முடிந்த பிறகு ற ன என்ற ஆறாவது இணை. கடைசியில் நின்றாலும் அதுவும் ஒரு வல்லின மெல்லின இணைதான்.

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இந்த ஒழுங்கைப் பார்த்து அமைக்கப்பட்டதல்ல. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1980-களில் ‘இஸ்கி’ என்றொரு குறியீட்டு முறை உருவாக்கப்பட்டது. தேவநாகரியை அச்சாக வைத்து, மற்ற எழுத்துகளை அதே இடங்களில் பொருத்தினார்கள். ஒரே ஒலி எல்லா மொழியிலும் ஒரே இடத்தில் இருந்தால் ஓர் எழுத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சுலபம் என்பது எண்ணம். 1991-இல் வெளிவந்த ஒருங்குறி அந்த 1988-ஆம் ஆண்டு இஸ்கியின் அமைப்பைப் பின்பற்றியது. இன்றைக்கும் அந்த அச்சின் தடம் அப்படியே தெரியும். தேவநாகரி ககரத்தின் எண் 2325. அதோடு 640-ஐக் கூட்டினால் தமிழ்க் ககரத்தின் 2965. மகரத்துக்கும் அதே 640. தேவநாகரியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே இன்னும் மூன்று எழுத்துகள் இருப்பதால், தமிழ்ப் பகுதியில் அந்த மூன்று இடங்களும் இன்றுவரை காலியாகக் கிடக்கின்றன.

காலி இடத்தால் வரிசை கெடாது. கெட்டது, தேவநாகரியில் இல்லாத தமிழ் எழுத்துகளை வைத்த இடத்தில். ழ, ற, ன போன்ற ஒலிகளைத் தேவநாகரியில் எழுதிக் காட்டுவதற்காக, நெருங்கிய எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைக்கும் வழக்கம் இருந்தது. நகரத்தின் அடியில் புள்ளி வைத்தால் னகரம், ரகரத்தின் அடியில் வைத்தால் றகரம், ளகரத்தின் அடியில் வைத்தால் ழகரம். புள்ளி வைத்த எழுத்து தன் மூல எழுத்துக்குப் பக்கத்திலேயே இடம் பெற்றது. தமிழ் எழுத்தும் அதற்கு நேரே போய் உட்கார்ந்தது. ஆகவே ஒருங்குறியில் ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என்று எண்கள் 2984-இலிருந்து ஏறுகின்றன. ஒலியில் உறவான எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதால், பார்ப்பதற்கு இதுவும் ஒரு ஒழுங்குதான். தமிழ் அகராதியின் ஒழுங்கு அல்ல, அவ்வளவே.

இந்தக் குழப்பம் பலருடைய கண்ணில் படாமல் போவதற்கும் தமிழே ஒரு காரணம். இடம் மாறி நிற்கும் ன, ற, ள, ழ ஆகிய நான்கும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. சொல்லுக்கு முதலில் வரும் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ எல்லாம் ஒருங்குறியிலும் சரியான வரிசையிலேயே இருக்கின்றன. ரயிலும் லட்டும்கூட யகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவே முறையாக வந்துவிடும். எனவே தலைப்பெழுத்துகளை மட்டும் ஓட்டிப் பார்க்கிறவருக்குப் பட்டியல் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். பிழை இரண்டாம் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. நிரல் எழுதியவர் தமிழ் அறியாதவராக இருந்தால் அங்கே பார்க்க மாட்டார்; அறிந்தவரும் பல நேரம் பார்ப்பதில்லை.

அமுதா, அம்பிகா விவகாரம் வேறு. அங்கே இரண்டாம் எழுத்தின் எண் இருவருக்கும் மகரம்தான். வேறுபாடு அதன்மேல் ஏறியிருக்கும் குறியில். தமிழ் இலக்கணத்தின் பார்வையில் ம் என்ற மெய்யே அடிப்படை. அதோடு அகரம் சேர்ந்தால் ம, உகரம் சேர்ந்தால் மு. உயிர் சேராத மெய் முதலில், சேர்ந்த உயிர்மெய்கள் பிறகு என்பது இதிலிருந்து வருகிறது. இன்றைய அகராதிகளில் அக்கா என்ற சொல் அகம் என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது இதனால்தான். ஒருங்குறி தலைகீழாகப் பார்க்கிறது. அதற்கு அகரம் ஏறிய ம என்பதே அடிப்படை எழுத்து. ம் என்பது அந்த ம-வின்மேல் புள்ளி என்ற இன்னொரு குறியை வைத்தது. அந்தப் புள்ளியின் எண் 3021. ஆகாரத்தின் காலில் தொடங்கி ஔகாரக் குறி வரை எல்லா உயிர்க்குறிகளும் அதைவிடச் சிறிய எண்கள். விளைவு, ம் என்பது மௌ-வுக்கும் பின்னால் தள்ளப்படுகிறது. பக்கம், பகல், பகை என்று இருக்க வேண்டியது பகல், பகை, பக்கம் என்று வருகிறது. ஒற்று மிகுந்த மொழியில் இது சின்ன விஷயமில்லை. அம்மா, அக்கா, அத்தை, அண்ணன் ஆகிய உறவுப் பெயர்கள் எல்லாம் இந்த இடப்பெயர்ச்சிக்கு ஆளாகும்.

எண்களையே மாற்றி அமைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஒரு முறை கொடுத்த எண்ணை எந்த எழுத்துக்கும் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் உறுதியான விதி. மாற்றினால் உலகில் ஏற்கெனவே எழுதிச் சேமித்த தமிழ்க் கோப்புகள் எல்லாம் வேறு எழுத்துகளாகக் காட்சி தரும். குறியெண் வரிசையை அகராதி வரிசை என்று சேர்த்தியம் எங்கும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆங்கிலத்திலேயே பெரிய எழுத்துகள் எல்லாம் சின்ன எழுத்துகளுக்கு முன்னால் எண் பெற்றிருப்பதால், வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் பெரிய இசட்டில் தொடங்கும் சொல் சின்ன ஏ-யில் தொடங்கும் சொல்லை முந்திவிடும். மேலே இரட்டைப் புள்ளி வைத்த ஏ-யை ஜெர்மானியர் ஏ-யோடு சேர்த்து அடுக்குகிறார்கள்; சுவீடன்காரர்கள் அதே எழுத்தை இசட்டுக்கும் அப்பால் வைக்கிறார்கள். ஒரே எழுத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு இடம் இருக்கும்போது ஓர் எண் என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. ‘டேஸ் 16’ என்ற குறியீட்டு முறையில் க், க, கா, கி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண். நெடுங்கணக்கு வரிசையிலேயே எண்கள் ஓடுவதால் எந்தக் கூடுதல் வேலையும் இல்லாமல் அகர வரிசை கிடைத்துவிடும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து இதையும் ஏற்றது. ஆனால் அது ஒருங்குறியின் பொதுப் பகுதியில் இடம்பெறாமல், யாரும் தங்கள் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்ட பகுதியில் அமைந்தது. இணையமும் கைபேசியும் ஒருங்குறியிலேயே நடக்கின்றன. எழுதப்படும் எண் ஒன்றாக இருக்கட்டும், அடுக்குவதற்கு மட்டும் வேறு எண் வைத்துக்கொள்வோம் என்பதே நடைமுறையில் நின்ற வழி.

அந்த வேறு எண் எது என்பதற்குத் தமிழ் ஏற்கெனவே விடை வைத்திருக்கிறது. மொத்த எழுத்துகள் 247. அவற்றுக்கு ஒன்று முதல் வரிசை எண் கொடுத்தால் போதும். உயிர் பன்னிரண்டுக்கும் 1 முதல் 12. ஆய்தம் 13. அடுத்து க் 14, க 15, கா 16 என்று போய் கௌ 26. ங் 27. இப்படி ஒவ்வொரு மெய்யும் தன் பன்னிரண்டு உயிர்மெய்களோடு பதின்மூன்று இடம் எடுத்துக்கொள்ளும். பதினெட்டாம் மெய்யான ன் 235-இல் தொடங்கி, னௌ சரியாக 247-இல் முடியும். ஜ, ஶ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளை 248 முதல் அதே முறையில் தொடரலாம்.

இப்போது எட்டுப் பெயர்களையும் எண்ணாக்கிப் பார்க்கலாம். முதல் எழுத்து எல்லாருக்கும் 1. இரண்டாம் எழுத்து: அப்துலின் ப் 118, அம்பிகாவின் ம் 131, அமுதாவின் மு 136, அருளின் ரு 162, அலமேலுவின் ல 171, அழகப்பனின் ழ 197, அறிவழகியின் றி 225, அன்பரசியின் ன் 235. ஏறுவரிசை. தமிழாசிரியர் எழுதிய பட்டியல் அதுவே. ஒற்றின் சிக்கலும் மெய் வரிசையின் சிக்கலும் ஒரே எண்ணில் தீர்ந்துவிட்டதைக் கவனிக்கலாம்.

இதை நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
import unicodedata

V = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔ"
C = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"
S = ("\u0bbe\u0bbf\u0bc0\u0bc1\u0bc2\u0bc6"
     "\u0bc7\u0bc8\u0bca\u0bcb\u0bcc")

def key(word):
    out = []
    for ch in unicodedata.normalize("NFC", word):
        if ch in V:
            out.append(V.index(ch) + 1)
        elif ch == "\u0b83":
            out.append(13)
        elif ch in C:
            out.append(13 * (C.index(ch) + 1) + 2)
        elif ch in S and out:
            out[-1] += S.index(ch) + 1
        elif ch == "\u0bcd" and out:
            out[-1] -= 1
    return out

names.sort(key=key)
```

V என்பது உயிர், C என்பது மெய் வரிசை, S என்பது உயிர்க்குறிகள். மெய்யெழுத்தின் உரு வந்ததும் முதலில் அதை அகரம் ஏறியதாகவே கணக்கிடுகிறது. ம வந்தால் 132. அடுத்து உகரக் குறி வந்தால் நான்கு கூடி 136 ஆகிறது. புள்ளி வந்தால் ஒன்று குறைந்து 131 ஆகிறது. மௌ-வுக்குப் பின்னால் ஓடிப்போன ம், இந்த ஒற்றைக் கழித்தலால் ம-வுக்கு முன்னால் திரும்பிவிடுகிறது. நிரல் பெயர்களைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் வரிசையை வைத்துக்கொண்டு அதைக் கொண்டு அடுக்குகிறது. இடைவெளியும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் இந்த எண் வரிசையில் இடம் பெறாமல் உதிர்ந்துவிடும்.

நிரலில் NFC என்ற மூன்றெழுத்து சும்மா இருக்கவில்லை. கொ என்ற எழுத்தின் குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாக. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணில் தெரியும். ஒரு பட்டியல் இரண்டு இடங்களிலிருந்து திரட்டப்பட்டிருந்தால் கொடி ஒரு பக்கமும் இன்னொரு கொடி வேறு பக்கமுமாகச் சிதறும். அந்த மூன்றெழுத்து இரட்டைக் குறிகளை எல்லாம் ஒற்றைக் குறியாகச் சேர்த்துத் தரும்.

அதற்கும் அடங்காத ஒன்று உண்டு. ஔகாரத்தின் வலப் பக்கத்தில் வரும் உரு பார்ப்பதற்கு ளகரம் போலவே இருக்கிறது. ஆகவே தட்டச்சு செய்கிறவர்களில் பலர் ஔவையாருக்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். அச்சில் ஔவையார் போலவே தெரிவார். கணினிக்கு அவர் ‘ஒளவையார்’. அவர் ஒளி, ஒளிவு ஆகியவற்றின் அருகே போய் நிற்பார். ஒழுங்காகத் தட்டிய ஔவையார் ஒகர ஓகாரப் பகுதிகள் முடிந்த பிறகு நிற்பார். கௌரிக்கும் இதே கதி. எந்தச் சீராக்கமும் இதைத் தானாகத் திருத்தாது. ஒளி என்பது சரியான சொல்லாக இருக்கும்போது எந்த ஒள பிழை என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் ‘ஒள’, ‘கெள’, ‘செள’ என்று தேடி, வருவதை ஓர் ஆள் உட்கார்ந்து பார்ப்பதே வழி.

இத்தனையும் கையால் எழுத வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஒருங்குறிச் சேர்த்தியம் எழுத்தெண்களோடு நிற்காமல், ஒவ்வொரு மொழிக்கும் அடுக்கு விதிகளைத் தனியாகத் தொகுத்து வெளியிடுகிறது. உலாவிகள் அதைப் பயன்படுத்துகின்றன. வலைப்பக்கத்தில் ஒரு வரி போதும்:

```javascript
names.sort(new Intl.Collator("ta").compare);
```

ta என்பது தமிழுக்கான குறியீடு. அந்த இரண்டெழுத்தை விட்டுவிட்டால் கணினி எந்த மொழியில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அதன் விதி வந்துவிடும். எந்தக் கருவியை எடுத்தாலும் மூன்று இணைகளைக் கொடுத்துச் சோதித்துவிடுவது நல்லது. அன்பு, அப்பா இரண்டில் அப்பா முன்னால் வர வேண்டும். அளவு, அழகு இரண்டில் அழகு முன்னால். அகம், அக்கா இரண்டில் அக்கா முன்னால். முதல் இரண்டு சரியாக வந்து மூன்றாவது மட்டும் தவறினால், மெய் வரிசை திருந்தியிருக்கிறது, புள்ளி திருந்தவில்லை என்று பொருள். பாதி திருந்திய பட்டியல்தான் ஆபத்து. முழுதும் கலைந்திருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்த விதியும் முடிவு சொல்லாத இடங்களும் இருக்கின்றன. அங்கே பட்டியல் போடுகிறவரே தீர்மானிக்க வேண்டும். ஆய்தத்தின் எண் 2947, அகரத்தைவிடக் குறைவு. அதனால் வெறும் எண் வரிசையில் ஃபாத்திமா பள்ளிப் பட்டியலின் முதல் பெயராக வருவார். 247 எழுத்து முறையில் உயிர்கள் முடிந்து ககரம் தொடங்கும் முன் நிற்பார். தேடுகிறவர்களோ பாத்திமாவுக்குப் பக்கத்தில் பார்ப்பார்கள். பெயர்ப் பட்டியல் என்றால் சொல் முதல் ஆய்தத்தை எண் வரிசையிலிருந்து நீக்கிவிடுவதே பயன்படும் என்று தோன்றுகிறது. அகராதி என்றால் கூடாது. ஜகரத்துக்கும் இதே கேள்வி. ஒருங்குறி எண்ணில் அது சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே இருக்கிறது. மேலே உள்ள நிரலில் னகரத்துக்குப் பின்னால். ஜமுனா வகரப் பெயர்களுக்கும் அப்பால் போவார். பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து எழுதும் பழக்கம் இருப்பதால், ‘கு. அன்பரசி’ ககரத்தில் போய்ச் சேராமல் இருக்க, முதலெழுத்தைத் தனிக் கட்டத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஸ்ரீதர். ஶ என்ற எழுத்து ஒருங்குறியில் 2005-இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு ஸ்ரீ என்பதை ஸகரத்தைக் கொண்டே எழுதினார்கள். பிறகு ஶகரத்தைக் கொண்டும் எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உரு. இரண்டு ஸ்ரீதர்களுக்கும் நடுவே ஷகரப் பெயர்கள் எல்லாம் புகுந்துகொள்ளும். அடுக்குவதற்கு முன், எண் வரிசை உண்டாக்கும்போது மட்டும், இரண்டில் ஒன்றை மற்றதாக மாற்றிக்கொண்டால் இருவரும் சேர்ந்து நிற்பார்கள். கோப்பில் அவரவர் எழுதியது அப்படியே இருக்கும்.